கசெற்றில் இருந்த ஒரு சொல்

மலருக்கு ஏதாவது எழுது என்று சங்கத்தில் கேட்டதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது ஒரு கசெற்தான். 1992. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று இரண்டு வருடமாகியிருந்தது, வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்த பொடியள் பதினொரு பேர் எங்களோடு உயர்தர வகுப்பில் படித்தார்கள். எங்கள் பாடசாலை மன்ற நூலகத்தில் புத்தகம் எடுக்கக் காப்புப்பணம் கட்ட வேண்டும், அவர்களிடம் அது இல்லை. அதனால் ஜூன் மாதக் கூட்டத்தில் அவர்களுக்குக் காப்புப்பணம் வேண்டாம் என்று ஒரு பிரேரணை வந்தது.

நான் உதவிச் செயலாளர். ஜூலைக் கூட்டத்தில் ஜூன் கூட்டறிக்கை வாசிக்கப்பட்டபோது அதை வழிமொழிந்ததும் நான்தான். அதில் 'இவ்விடயம் பரிசீலிக்கப்படும்' என்று இருந்தது. வேகமாக வாசித்ததில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அந்தப் பதினொரு பேரும் புத்தகத்தைப் படிப்பறையிலேயே வைத்துக் கையால் கொப்பி பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் ஒருநாள் நாடக ஒத்திகைக்கு வெறும் கசெற் தேடி மன்ற அலுமாரியைக் கிளறினேன். 'சிறப்புரை' என்று எழுதிய 60 நிமிடக் கசெற் ஒன்று அகப்பட்டது. மேலே பதிவதற்கு முன் என்ன இருக்கிறது என்று கேட்டுப்பார்ப்போம் என்றான் நண்பன். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து இரண்டு வயர் இழுத்து, அவன் பெடலை மிதிக்க நான் ரேப் ரெக்கோடரில் காதை வைத்தேன். அது அந்த ஜூன் கூட்டம். பேச்சாளரின் உரையைப் பதிய நினைத்தவர் கூட்டம் தொடங்கும்போதே பொத்தானை அழுத்திவிட்டிருக்கிறார்.

முதல் பக்கத்தின் கடைசிப் பகுதியில் குரல்கள் எல்லாம் கீச்சென்று மெலிந்துபோயின. பதியும்போது ரெக்கோடரை ஓட்டிய மோட்டார் சைக்கிள் பற்றறி இறங்கியிருக்கிறது, பற்றறி இறங்கினால் நாடா மெதுவாக ஓடும், அப்படிப் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் குரல் கீச்சிடும். நண்பன் மிதிப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தான். ஒரு கட்டத்தில் தலைவரின் குரல் அவருடைய குரலாகவே வந்தது: "எதிர்க்கிற ஆக்கள் இருக்கினமோ? இல்லை. அப்ப ஏகமனதாக நிறைவேறுது." அதோடு டக்கென்று பக்கம் முடிந்தது.

நாங்கள் உடனே ஓடிப்போய்ச் சொல்லவில்லை. கசெற்றைத் திருப்பும் இடைவெளியில் ஏதாவது பேசித் தீர்மானத்தை மாற்றியிருக்கலாமே? இரண்டாம் பக்கத்தைப் போட்டோம். "அடுத்த விடயம், விளையாட்டுப் போட்டி" என்றுதான் தொடங்கியது, கடைசிவரை காப்புப்பணம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இது ஜூன் கூட்டந்தான் என்பதற்கும் தொடக்கத்திலேயே சாட்சி இருந்தது, செயலாளர் மே மாத அறிக்கையைத் திகதியோடு வாசிக்கிறார். ஆனால் எத்தனை கைகள் உயர்ந்தன என்பது கசெற்றில் கேட்காது, அதனால் தலைவரின் அந்த வசனத்தைத் தவிர வேறு எதையும் நாங்கள் சொல்லக்கூடாது என்று முடிவு செய்தோம்.

பொறுப்பாசிரியரிடம் போனோம். இரண்டு தரம் போடச்சொல்லிக் கேட்டார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "செயலாளர் எழுதினது சரிதான், அந்தச் சொல்லை மாத்தினது நான்" என்றார். ஒரு புத்தகம் தொலைந்தால் இன்னொன்று வாங்க வழியில்லாத காலம், அந்தப் பயம் அவருக்கு. எனக்கு அவர் மேல் கோபம் வந்தது உண்மை, ஆனால் அவர் ஒளிக்கவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

கூட்டறிக்கைப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை வெட்டி எழுதிவிடுவோமா என்று நான் கேட்டேன். "ஏற்றுக் கையெழுத்து வைத்த பக்கத்தில கை வைக்கக்கூடாது, தம்பி" என்றார். செப்டெம்பர்க் கூட்டத்தில் திருத்தத்தைப் பிரேரணையாகக் கொண்டுவந்தோம், கசெற்றைச் சபை முழுவதும் கேட்டது, திருத்தம் அந்தக் கூட்டத்தின் அறிக்கையில் ஏறியது. பழைய பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் 'செப்டெம்பர் கூட்டறிக்கை பார்க்க' என்று மட்டும் நான் எழுதினேன். முன்பு வழிமொழிந்த நானே இதை முன்மொழிந்தேன்.

கூட்டம் முடிந்ததும் சேர் பேனாக்கத்தியை எடுத்து, கசெற்றின் முதுகிலுள்ள இரண்டு சின்னப் பிளாஸ்ரிக் காதுகளையும் உடைத்தார். அவற்றை உடைத்தால் ரெக்கோடரில் பதிவுப் பொத்தான் அமுங்காது. கசெற்றைக் கூட்டறிக்கைப் புத்தகத்தோடு சேர்த்துக் கட்டி அலுமாரியில் வைத்தார்.

1995 ஒக்ரோபர் 30 இரவு நாங்கள் எல்லோரும் ஊரைவிட்டுக் கிளம்பினோம். திரும்பி வந்தபோது அந்த அலுமாரி அங்கே இல்லை. அந்தப் பதினொரு பேரில் யாராவது இதை வாசித்தால், அந்தச் செப்டெம்பர்க் கூட்டத்துக்கு அடுத்த திங்கட்கிழமை முதலாவதாக வந்து பௌதிகவியல் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போனது யார் என்று எனக்கு எழுதுங்கள். முகம் நல்ல ஞாபகம், பெயர் வரமாட்டேன் என்கிறது.