ஏழு காலணா

2024 ஜூன் 8, சனி

மாமாவின் தகரப் பெட்டியைச் சுத்தம் செய்தபோது கிடைத்த ஓர் ஓட்டைக் காலணாவில் ஆரம்பித்தது இது. நடுவில் துளை, 1944 என்று ஆண்டு. போர்க்காலத்தில் செம்பை மிச்சப்படுத்துவதற்காகத் துளை போட்டார்களாம். 'நானும் பழைய காசு சேர்க்கப் போகிறேன்' என்று அறிவித்துவிட்டேன். மாதம் 500 ரூபாய், அதற்கு மேல் போகக்கூடாது என்பது எனக்கு நானே போட்ட சட்டம்.

இன்றைக்கே அதை மீறினேன். ஒரு கோயில் ஊரின் கடைவீதியில், தட்டில் பரப்பி வைத்திருந்த காசுகளில் ஒன்று கண்ணை இழுத்தது. ஒரு பக்கம் இராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி, ஓரணா, 1818'. ஆயிரம் சொன்னார், எழுநூறுக்கு இறங்கினார். என் பேரம் பேசும் திறமையை நானே மெச்சிக்கொண்டு வீடு திரும்பினேன்.

ஜூன் 14, வெள்ளி

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். பழைய பூட்டு, பித்தளைத் திருகு, ஒற்றைக் காலணி என்று எல்லாம் கிடக்கிற தரையில், ஒரு பெரியவர் மட்டும் காசுகளைச் சிறு அட்டைகளில் போட்டு வரிசையாக வைத்திருந்தார். என் இராமர் காசை நீட்டினேன்.

கையில்கூட வாங்கவில்லை. "எவ்வளவு கொடுத்தீர்கள், அம்மா?"

சொன்னேன்.

"கம்பெனி செம்பில் ஓரணா அடித்ததே கிடையாது. சென்னையில் அடித்த தங்க வராகனில் சுவாமி உருவம் உண்டு, அது வேறு கதை. இது விற்பதற்கென்றே செய்தது. சுவாமி படம் இருக்கிறது, பூஜையில் வைத்துக்கொள்ளுங்கள்."

எழுநூறு ரூபாய்க்குப் பூஜைப் பொருள். அவமானம் தாங்காமல், அவரிடமே 60 ரூபாய் கொடுத்து விக்டோரியா தலை போட்ட 1862 காலணா ஒன்றை வாங்கினேன். கறுத்துப்போன சாக்லேட் நிறம். முகம் தேய்ந்திருந்தாலும் ஆண்டு தெளிவாகத் தெரிந்தது.

ஜூன் 16, ஞாயிறு

புளி. இதைவிட வேறு என்ன சொல்ல? பித்தளைக் குத்துவிளக்கைத் தேய்க்கும்போது, கூடவே அந்தக் காலணாவையும் தேய்த்துவிட்டேன். இரண்டு நிமிடத்தில் புது மருதாணி மாதிரி சிவந்தது. அம்மா பார்த்துவிட்டு, "இப்போதுதான் காசு மாதிரி இருக்கிறது" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஜூன் 28, வெள்ளி

பெரியவர் அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டவில்லை, அதுதான் வலித்தது. செம்பின் மேல் நூற்றைம்பது வருடமாகப் படிந்த கருமைதான் அதன் தோல் என்றார். புளியின் அமிலம் அதைக் கரைத்துவிடுகிறது, கூடவே உலோகத்தையும் கொஞ்சம் அரிக்கிறது. மறுபடி கறுக்கும், ஆனால் திட்டுத்திட்டாக. இதைத் திருப்பி வாங்கிக்கொள்வீர்களா என்று கேட்டேன். "இருபது ரூபாய்க்கு" என்றார்.

வேறு வழி கேட்டேன். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஒரு நாள் ஊறவைத்து, துணியால் ஒற்றி எடுப்பது. தேய்ப்பது கிடையாது. மென்மையான பிளாஸ்டிக் உறைகள் கொண்ட ஆல்பம் வாங்க வேண்டாம். நாளாவட்டத்தில் அந்தப் பிளாஸ்டிக் பச்சைப் பிசுபிசுப்பாகக் காசில் ஒட்டும். நடுவில் ஒளிபுகும் மெல்லிய தாள் வைத்த சதுர அட்டைகளே போதும்.

அவர் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு வழி காட்டியது. "எல்லாவற்றையும் வாங்காதீர்கள், அம்மா. ஒரே காசை எடுத்துக்கொள்ளுங்கள்."

ஜூலை 1, திங்கள்

எடுத்துக்கொண்டேன்: காலணா. ரூபாய்க்கு அறுபத்து நான்கு. வேண்டியவை ஏழே ஏழு: கம்பெனியின் 1835, விக்டோரியா ராணியாக, 1877 முதல் பேரரசியாக, எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ், கடைசியாக ஓட்டைக் காலணா. நான்கு தலைகள், ஒரு கம்பெனி, ஒரு துளை. எதுவுமே அபூர்வமில்லை என்பதால் போலி செய்பவர்களுக்கும் இதில் பெரிதாக லாபமில்லை.

இந்த மாதப் பணத்தில் காசு வாங்கவில்லை. நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற சிறிய மின்தராசு ஒன்று, 420 ரூபாய். நூறில் ஒரு கிராம் வரை காட்டும். சரிபார்க்க ஐந்து ரூபாய்க் காசு ஒன்றை வைத்தேன்: 6.00. (2011-இல் வெளிவரத் தொடங்கிய மஞ்சள் காசு வகையின் எடை சரியாக ஆறு கிராம். படிக்கல்லுக்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டியதில்லை.)

ஜூலை 12, வெள்ளி

வேறொரு விரிப்பில் 1939 வெள்ளி ரூபாய். விற்றவர் ஆயிரத்து ஐந்நூறு சொன்னார். அந்த ஆண்டு ரூபாய் அரிது என்பதால் போலியும் ஏராளம் என்று படித்திருந்தேன். அசல் ரூபாய் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம், தேய்ந்திருந்தால் கொஞ்சம் குறையலாம். தராசை எடுத்ததும் அவர் முகம் மாறியது. 10.84. தேய்மானமே இல்லாத காசு எப்படி முக்கால் கிராமுக்கு மேல் இழக்கும்? லென்ஸில் பார்த்தால் மன்னரின் கன்னத்தில் மணல்மணலாகச் சிறு கொப்புளங்கள், வார்ப்பில் வருபவை. அச்சில் அடித்த காசின் வெற்றுப் பரப்பு அப்படி இருக்காது. நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தேன். ஆயிரத்து ஐந்நூறு தப்பியது; தராசு தன் விலையை இன்றே மீட்டுவிட்டது.

ஜூலை 19, வெள்ளி

இன்று தராசே என்னை ஏமாற்றப் பார்த்தது. எட்வர்டு காலணா, 1906. எடை 4.71. நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தது 6.48. போலி என்று திருப்பி வைத்தேன். பெரியவர் சிரித்துக்கொண்டே இன்னொரு 1906 காலணாவைப் பக்கத்தில் வைத்தார். அது 6.35. அதே மன்னர், அதே ஆண்டு.

இரண்டும் அசல். அந்த ஆண்டில்தான் செம்பை விட்டு வெண்கலத்துக்கு மாறினார்கள், எடையையும் 4.86 ஆகக் குறைத்தார்கள். பழையதும் புதியதும் ஒரே ஆண்டைத் தாங்கி வந்தன. அருகருகே வைத்தால் மெலிவும் தெரிகிறது. எடையை மட்டும் மனப்பாடம் செய்திருந்தேன், எந்த ஆண்டுவரை என்பதைச் செய்யவில்லை. இரண்டையுமே வாங்கினேன், சேர்த்து 130 ரூபாய். ஏழு என்ற கணக்கு எட்டாகிவிட்டது.

ஜூலை 24, புதன்

சிங்கப்பூரிலிருந்து சித்தி மகன்: "எனக்கும் ஒரு விக்டோரியா காசைப் பார்சலில் அனுப்பேன்." முடியாது என்று சொல்லிவிட்டேன். நூறு ஆண்டு கடந்த காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். என்னைப் போன்ற தனியாள் வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். அறுபது ரூபாய்க் காசானாலும் சட்டம் விலையைப் பார்ப்பதில்லை. 1944 ஓட்டைக் காலணா ஒன்று வாங்கித் தருகிறேன் என்றதும் சமாதானமானான்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

கம்பெனியின் 1835 கிடைத்தது. ஒரு பக்கம் சிங்கங்கள் தாங்கும் கேடயம், மறுபக்கம் மாலைக்குள் 'ஒரு காலணா'. 6.29 கிராம், 140 ரூபாய். ஓரத்தை மட்டும் பிடித்து எடுத்தேன். பெரியவர் கவனித்தார், ஒன்றும் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் அட்டையில் போட்டு ஊறுகாய் ஜாடி உறங்கும் அலமாரியிலிருந்து தள்ளி வைத்திருக்கிறேன். புளி போட்ட 1862-ஐயும் வரிசையிலிருந்து எடுக்கவில்லை. ஓரம் இப்போது பழுப்பாகத் தொடங்கியிருக்கிறது, ராணியின் காதருகே மட்டும் இன்னும் சிவப்பு.