14 கவுண்ட் சார்ட்டை 18 கவுண்ட் துணிக்கு மாற்றியபோது: முடிவளவைக் கணித்த அனுபவம்

ஒரு கொடியின் இருபுறமும் இரண்டு மயில்கள் நிற்கும், ஒரு கட்டத்துக்கு ஒரு தையல் என்று வரைந்த கிராஸ் ஸ்டிட்ச் சார்ட் ஒன்றைத் தைக்க எடுத்துக்கொண்டேன். கட்டம் கட்டமாக நெய்த 14 கவுண்ட் ஐடா துணியில் தைத்தால் 9 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் வரும் என்று சார்ட்டின் முதல் பக்கத்தில் அச்சிட்டிருந்தார்கள். என்னிடம் இருந்ததோ 8 × 10 அங்குல மரச்சட்டம். அதற்குள் இந்த வடிவம் அடங்க வேண்டுமானால் இன்னும் நெருக்கமான துணிக்கு மாற வேண்டும். எந்தத் துணி, எவ்வளவு துணி, தைத்து முடித்த பின் ஓரத்தில் எவ்வளவு இடம் மிஞ்சும் என்பதை ஊசியில் நூல் கோப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள விரும்பினேன்.

அடிப்படைக் கணக்கு மிக எளிது. கவுண்ட் என்பது ஓர் அங்குல நீளத்தில் எத்தனை கட்டங்கள் இருக்கின்றன என்பதைச் சொல்லும் எண். ஆகவே சார்ட்டில் உள்ள கட்டங்களின் எண்ணிக்கையைக் கவுண்டால் வகுத்தால் முடிவளவு அங்குலத்தில் கிடைத்துவிடும். சார்ட்டில் அச்சிட்ட அங்குல அளவை ஓரளவு முழுமையாக்கித்தான் தருவார்கள் என்பதால், அதிலிருந்து கணக்கைத் தொடங்காமல் கட்டங்களையே எண்ணினேன். பத்துக் கட்டங்களுக்கு ஒருமுறை தடித்த கோடு இருப்பதால் எண்ணுவது சிரமமாக இல்லை. அகலத்தில் 126, உயரத்தில் 168 கட்டங்கள் இருந்தன.

இந்த எண்களை 16 ஆல் வகுத்தால் அகலம் 7.9 அங்குலமும் உயரம் 10.5 அங்குலமும் வருகின்றன. உயரம் சட்டத்தை மீறுகிறது. 18 ஆல் வகுத்தால் அகலம் சரியாக 7 அங்குலம், உயரம் 9.33 அங்குலம். ஐடாவுக்குப் பதில் லினன் எடுத்து இரண்டு இழைகளுக்கு ஒரு தையல் என்று போடுபவர்கள் துணியின் கவுண்டைப் பாதியாக்கிக்கொண்டு இதே வகுத்தலைச் செய்ய வேண்டும். 36 கவுண்ட் லினனில் அப்படித் தைத்தால் 18 கவுண்ட் ஐடாவின் அளவே கிடைக்கும். எண்ணித் தைக்க ஐடாதான் கண்ணுக்கு இதமாக இருக்கும் என்பதால் நான் 18 கவுண்ட் ஐடாவையே எடுத்தேன்.

இந்த இடத்தில் கணக்கை நிறுத்தியிருந்தால் மேலும் கீழும் தலா மூன்றில் ஒரு பங்கு அங்குலம் மிஞ்சும் என்று நம்பியிருப்பேன். ஆனால் 8 × 10 என்பது சட்டத்துக்குள் வைக்கும் கண்ணாடியின் அளவே தவிர, சட்டத்தை மாட்டிய பின் கண்ணுக்குத் தெரியும் பரப்பின் அளவு அன்று. கண்ணாடியைத் தாங்கிப் பிடிப்பதற்காக மரத்தின் உள்விளிம்பு ஒவ்வொரு பக்கமும் சற்று உள்ளே நீண்டிருக்கும். என் சட்டத்தை முன்பக்கத்திலிருந்து அளந்தபோது கால் அங்குலத்துக்கும் சற்றுக் கூடுதலாக ஒவ்வொரு பக்கமும் மறைவது தெரிந்தது. கண்ணுக்குத் தெரியும் பரப்பு 19 செ.மீ. அகலமும் 24.1 செ.மீ. உயரமும்தான். 9.33 அங்குலம் என்பது 23.7 செ.மீ. என்பதால் மேலும் கீழும் 2 மில்லிமீட்டர் மட்டுமே மீதம் இருக்கும். இவ்வளவு குறுகிய இடைவெளியில் துணியின் உண்மையான நெருக்கம் என்ன என்ற கேள்வியைத் தவிர்க்கவே முடியாது.

துணியின் மேலுறையில் 18 கவுண்ட் என்பதுடன், சென்டிமீட்டருக்கு 7 கட்டங்கள் என்றும் எழுதியிருந்தது. இவை இரண்டும் ஒன்றுபோல் தோன்றினாலும் ஒன்றல்ல. சென்டிமீட்டருக்கு 7 என்றால் அங்குலத்துக்கு 17.78 கட்டங்கள்; அந்தக் கணக்கில் 168 கட்டங்களின் உயரம் 24 செ.மீ. ஆகிவிடுகிறது. சட்டத்தின் பரப்போ 24.1 செ.மீ. ஆகவே மேலுறையில் உள்ள இரண்டு எண்களையும் ஒதுக்கிவைத்துவிட்டுத் துணியையே அளப்பது என்று முடிவு செய்தேன்.

அளக்கும் முறையில்தான் கவனம் மிகுதியாகத் தேவைப்படுகிறது. பலரும் ஓர் அங்குலத்துக்குள் எத்தனை கட்டங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பார்கள். அதைவிட, 100 கட்டங்களை எண்ணி அவற்றின் மொத்த நீளத்தை அளப்பது பல மடங்கு நம்பகமானது. அளவுகோலைப் படிக்கும்போது எப்படியும் அரை மில்லிமீட்டர் முன்பின் ஆகும். பத்துக் கட்டங்களை மட்டும் அளந்திருந்தால் அந்த அரை மில்லிமீட்டர் 168 கட்டங்களில் பெருகி 8 மில்லிமீட்டருக்கு மேல் போய்விடும். நூறு கட்டங்களை அளந்திருந்தால் அதே அரை மில்லிமீட்டர் ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

துணியை முதலில் வெதுவெதுப்பான நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டேன். தைத்து முடித்த பின் எப்படியும் அலசப்போகிறோம் என்பதால், சுருங்கக்கூடிய துணி இப்போதே சுருங்கிவிடுவது நல்லது. பிறகு மேசைமேல் இழுக்காமல் பரப்பி, பத்துக் கட்டங்களுக்கு ஒரு குண்டூசி வீதம் குத்திக்கொண்டே போய், முதல் ஊசியின் துளையிலிருந்து நூறாவது கட்டத்தின் துளைவரை அளந்தேன். தைக்கும்போது துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தில் மாட்டிய நிலையில் அளந்தால் துணி இழுபட்டு நீண்டிருக்கும். அந்த அளவை வைத்துக் கணக்குப் போடுவது சரிவராது.

துணியின் இரு வாக்கிலும் தனித்தனியாக அளந்ததில்தான் முக்கியமான செய்தி கிடைத்தது. கரைக்கு இணையாக, அதாவது பாவு ஓடும் வாக்கில், 100 கட்டங்கள் 14.1 செ.மீ. இருந்தன. குறுக்கே, ஊடை ஓடும் வாக்கில், அதே 100 கட்டங்கள் 14.4 செ.மீ. இருந்தன. ஒரு கட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத இந்த வேறுபாடு 168 கட்டங்களில் அரை சென்டிமீட்டராகிறது. மயிலின் உயரத்தை ஊடை வாக்கில் வைத்தால் 24.2 செ.மீ. வரும், அது சட்டத்துக்குள் அடங்காது. பாவு வாக்கில் வைத்தால் 23.7 செ.மீ. வரும், அடங்கும். அப்போது அகலம் ஊடை வாக்கில் அமைந்து 18.1 செ.மீ. ஆகும். துணியை எந்தப் பக்கமாகத் திருப்பி வைப்பது என்ற ஒரே முடிவுதான் இந்தச் சட்டம் பயன்படுமா பயன்படாதா என்பதைத் தீர்மானித்தது. வடிவத்தின் நீண்ட பக்கத்தைத் துணியில் நெருக்கம் மிகுந்த வாக்கில் வைக்க வேண்டும் என்பதை இனி எல்லாத் துணிக்கும் கடைப்பிடிப்பேன்.

கட்டங்கள் முழுச் சதுரமாக இல்லாததால் மயிலின் உருவம் சிதையுமோ என்ற ஐயம் எழுந்தது. தோகையில் உள்ள பெரிய கண் 40 கட்ட விட்டமுள்ளது. கணக்குப்படி அதன் உயரம் 56 மில்லிமீட்டருக்குச் சற்று மேலும், அகலம் 58 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கீழும் வரும். இந்த வேறுபாடு அளவுகோலுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது.

இருந்தாலும் மேலும் கீழும் 2 மில்லிமீட்டர், இருபுறமும் 4.5 மில்லிமீட்டர் என்று ஓரம் ஏற்றத்தாழ்வாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. சார்ட்டைச் சுற்றி ஒற்றைக் கோடாக ஒரு கரை உண்டு. அதற்கும் வடிவத்துக்கும் இடையே இரண்டு வரிசைக் கட்டங்கள் வெறுமையாக விடப்பட்டிருந்தன. மேலும் கீழும் அந்த வெற்று வரிசைகளில் ஒவ்வொன்றைக் குறைத்தேன். உயரம் 166 கட்டங்களாகி 23.4 செ.மீ. ஆனது, மேலும் கீழும் ஓரம் 3.5 மில்லிமீட்டராக வளர்ந்தது. வடிவத்தில் ஒரு தையலைக்கூடத் தொடாமல் இதைச் செய்ய முடிந்தது.

துணியை வெட்டும் அளவில் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். பின்பக்கம் மடித்து நூலால் இழுத்துக் கட்டுவதற்காக ஒவ்வொரு பக்கமும் 3 அங்குலம், அதாவது ஏறத்தாழ 7.5 செ.மீ., கூடுதல் துணி விட வேண்டும். இந்தக் கூடுதல் எந்தக் கவுண்டுக்கும் மாறாதது. சார்ட்டில் 14 கவுண்டுக்கென்று சொல்லியிருக்கும் துணி அளவை அப்படியே விகிதத்தில் சுருக்கினால் இந்த ஓரமும் சேர்ந்து சுருங்கி, கட்டும்போது கைக்குத் துணி எட்டாது. முடிவளவைத் தனியே கணித்து, அதன்பின் ஓரத்தைக் கூட்டுவதே முறை. எனக்கு 33.1 × 38.4 செ.மீ. என்று வந்தது, 34 × 40 ஆக வெட்டிக்கொண்டேன்.

நூலின் தேவையும் மாறுகிறது. ஒரு தையலுக்கான நூல் நீளம் கட்டத்தின் பக்க அளவோடு சேர்ந்து கூடும் அல்லது குறையும். ஆகவே 14 கவுண்டிலிருந்து 18 கவுண்டுக்குப் போகும்போது, இரண்டு இழைகளாகவே தைத்தாலும், ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவான நூலே போதும். ஒற்றை இழையா இரட்டை இழையா என்பதைத் துணியின் மூலையில் பத்துக்குப் பத்துக் கட்டம் தைத்துப் பார்த்து முடிவு செய்தேன். ஒற்றை இழையில் மயிலின் கருநீலத்துக்கு நடுவே துணியின் வெண்மை புள்ளிபுள்ளியாகத் தெரிந்தது. இரட்டை இழை துளையை நன்றாக நிரப்பியது; 24ஆம் எண் ஊசியை மாற்றி 26 எடுத்த பிறகு துணியைத் துளைத்து வெளிவருவதும் இலகுவானது. அலகின் நுனியில் வரும் கால் பங்குத் தையல்களுக்குக் கட்டத்தின் நடுவே துளையிட வேண்டியிருக்கிறது. இந்த நெருக்கத்தில் அதற்கு மட்டும் கூர்முனை ஊசியைப் பயன்படுத்துகிறேன்.

மேற்புறக் கரையிலிருந்து 60 வரிசைகள் முடிந்ததும் வளையத்தைக் கழற்றி, துணியைச் சற்று நேரம் தளரவிட்டு அளந்தேன். கணக்குப்படி 84.6 மில்லிமீட்டர் வர வேண்டும், 84 இருந்தது. நிறைய தைத்த பகுதியில் நூலின் இழுப்பால் துணி சிறிது சுருங்கிக்கொள்கிறது. இதே போக்கு நீடித்தால் மொத்த உயரம் 23.4 செ.மீ.க்கு ஒன்றரை மில்லிமீட்டர் குறைவாக முடியும். மேல், கீழ் ஓரங்களின் அளவு இருபுறத்து ஓரங்களின் அளவுக்கு இன்னும் நெருங்கி வரும். அளவு கூடிப்போயிருந்தால்தான் கீழ்க்கரையைப் பற்றி மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும். இப்போது இரண்டாவது மயிலின் கழுத்தைத் தைத்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த அளவை 120ஆம் வரிசையில், கீழ்க்கரையைத் தொடங்குவதற்கு முன் எடுப்பேன்.