எண்டிசைக் காவலர்: சொற்பொருள் வழியே படித்த அனுபவம்

தமிழ்த் தேர்வு ஒன்றில் நிருதிக்குரிய திசையை வடமேற்கு என்று எழுதி மதிப்பெண் இழந்தேன். திசைகளை வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு எனப் பள்ளியில் சொன்ன வரிசையிலும், காவலர்களை இந்திரன் முதலாகவும் தனித்தனியே மனப்பாடம் செய்திருந்ததால், இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவே இல்லை.

அதன்பின் கிழக்கில் தொடங்கி வலமாகச் சுற்றும் முறைக்கு மாறினேன். திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் உள்ள எட்டு இலிங்கங்களும் இந்திரன், அக்கினி, இயமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானன் என இதே வரிசையில்தான் அமைந்திருக்கின்றன. ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் இந்திரன், இயமன், வருணன், குபேரன் ஆகிய நால்வரும் முறையே கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்குக்கு உரியவர்கள். இடையில் நிற்பவர்கள் மூலைகளுக்கு உரியவர்கள். நிருதி இயமனுக்கும் வருணனுக்கும் நடுவில் நிற்பதால், அவருடைய திசை தெற்குக்கும் மேற்குக்கும் இடைப்பட்ட தென்மேற்கு என்பது தானே விளங்கிவிடும்.

திசைப்பெயர்களில் நான் அதிகம் தடுமாறியது கிழக்கில்தான். அது 'கீழ்' என்பதன் அடியாகப் பிறந்தது என்று படித்தபோது, வரைபடத்தின் கீழ்ப்பக்கமாகிய தெற்கே என் மனத்தில் வந்து நின்றது. இங்கே கீழ், மேல் என்பவை நிலத்தின் தாழ்வையும் உயர்வையும் குறிக்கின்றன. தமிழகத்தின் நிலம் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கடலை நோக்கிச் சரிவதால், தாழ்ந்த பக்கம் கிழக்கும் உயர்ந்த பக்கம் மேற்கும் ஆயின. இவற்றுக்குக் குணக்கு, குடக்கு என்னும் பழம்பெயர்களும் உண்டு. தென் என்பதிலிருந்து தென்றலும், வட என்பதிலிருந்து வாடையும் வந்தன என்று கொண்டால், அந்தந்தத் திசையின் காற்றே அதன் பெயரை நினைவூட்டும்.

மூலைத்திசைகளின் பெயரைப் புணர்ச்சி விதியே தந்துவிடும். வடக்கு என்பதில் ஈற்றுக் 'கு'வும் அதற்கு முன் நின்ற ககர ஒற்றும் நீங்கி 'வட' எஞ்ச, வடகிழக்கு பிறக்கிறது. தெற்கு என்பதில் 'கு' நீங்கி றகரம் னகரமாகத் திரிய, தென்மேற்கு பிறக்கிறது. 'தெற்குமேற்கு' என்று பிரித்து எழுதுவது பிழை.

காவலர் பெயர்களில் பெரும்பாலானவை வடசொற்கள். இந்திரன் என்பது தலைவனையும், அக்கினி தீயையும், வாயு காற்றையும், ஈசானன் ஆள்பவனையும் குறிக்கும். வருணன் சூழ்ந்து மூடுபவன். நிருதி என்பது ஒழுங்கு குலைந்த அழிவு நிலை. குபேரன் என்பதற்கு அழகற்ற உடலினன் என்று பொருள் கூறுவர். செல்வம் அவன் பதவியைச் சார்ந்ததே அன்றிப் பெயரின் பொருள் அன்று என்பதால், விடையில் இரண்டையும் பிரித்து எழுத வேண்டும். இயமன் அடக்கி ஆள்பவன். அவனுக்குத் தமிழில் வழங்கும் கூற்றுவன் என்னும் பெயர் எனக்கு மிகவும் பிடித்தது. உயிரையும் உடலையும் கூறாக்குபவன் என்பது அதன் பொருள். திருக்குறள் இறந்த முன்னோரைத் தென்புலத்தார் என்று சொல்வதையும் சேர்த்துப் படித்தால், தெற்கு ஏன் இயமனுக்கு உரியதாயிற்று என்பது மறக்காது.