சி.பி.எம். கணக்கில் நான் தொலைத்த 9 மதிப்பெண்கள்

எம்.பி.ஏ. இரண்டாம் செமஸ்டரில் 16 மதிப்பெண்ணுக்கு ஒரு சி.பி.எம். கேள்வி வந்தது. சி.பி.எம். என்பது கிரிட்டிக்கல் பாத் மெத்தட்: ஒரு திட்டத்தின் வேலைகளை நெட்வொர்க்காக வரைந்து, அதன் மிக நீளமான பாதையை வைத்து எத்தனை நாளில் முடியும் என்று கணக்கிடும் முறை. நெட்வொர்க் அழகாக வந்தது, கிரிட்டிக்கல் பாதையும் சரியாக வந்தது. கூடுதல் பணம் போட்டு வேலைகளின் நாளைக் குறைக்கும் கிராஷ் பகுதியையும் கடகடவென்று முடித்துவிட்டு, முழு மதிப்பெண் நிச்சயம் என்று வெளியே வந்து பீற்றிக்கொண்டேன். கிடைத்தது 7. விடைத்தாளை வாங்கிப் பார்த்தால் கிராஷ் பகுதியின் முதல் வரியிலேயே சிவப்பு மை. "எந்த வேலை மலிவு என்று பார்த்தாய். மற்ற பாதைகளில் எத்தனை நாள் மிச்சம் இருக்கிறது என்று பார்த்தாயா?" என்று எங்கள் ஆசிரியை கேட்டார். நான் பார்க்கவில்லை.

அந்தக் கேள்வியின் சாயலில் நானே எண்களை மாற்றி ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். ஜூனியர்கள் கேட்டால் இதைத்தான் போட்டுக் காட்டுவேன். பழைய கட்டடம் ஒன்றை வாடகைக்கு எடுத்துச் சின்ன உணவகமாக மாற்றுகிறார்கள். வேலைகள் ஏழு.

| வேலை | முன் வேலை | சாதாரண நாள் | குறைந்தபட்ச நாள் | ஒரு நாள் குறைக்கச் செலவு (ரூ.) |
|---|---|---|---|---|
| இடிப்பு | இல்லை | 4 | 3 | 3,000 |
| வயரிங், குழாய் | இடிப்பு | 6 | 4 | 2,000 |
| டைல்ஸ், பெயின்ட் | வயரிங் | 5 | 2 | 1,000 |
| மரம் வாங்குதல் | இல்லை | 3 | 3 | குறைக்க முடியாது |
| தச்சு (பட்டறையில்) | மரம் | 10 | 8 | 1,500 |
| அடுப்படி அமைப்பு | வயரிங் | 6 | 5 | 3,500 |
| மேசை பொருத்துதல் | டைல்ஸ், தச்சு | 3 | 2 | 3,000 |

கடை திறக்கும் வரை வாடகை, வட்டி, மேற்பார்வையாளர் சம்பளம் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 5,500 ரூபாய் போகிறது. இதுதான் மறைமுகச் செலவு.

அட்டவணையின் கடைசிப் பத்தியைக் கேள்வித்தாளில் நேராகத் தர மாட்டார்கள். சாதாரணச் செலவு, கிராஷ் செலவு என்று இரண்டு பத்திகள் இருக்கும். டைல்ஸுக்கு 40,000, 43,000 என்று இருந்தால் வித்தியாசம் 3,000; அதைக் குறைக்கக்கூடிய 3 நாளால் வகுத்தால் நாளுக்கு 1,000. கிராஷ் செலவு என்பது அந்த வேலையின் முழுச் செலவு, கூடுதல் செலவு மட்டும் அல்ல. என் வகுப்பிலேயே இரண்டு பேர் 43,000-ஐ அப்படியே 3-ஆல் வகுத்துவிட்டு முழித்தார்கள்.

இனி பாதைகள். மூன்றுதான். முதலாவது இடிப்பு, வயரிங், டைல்ஸ், பொருத்துதல்: 4+6+5+3 = 18 நாள். இதை டைல்ஸ் பாதை என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது மரம், தச்சு, பொருத்துதல்: 16 நாள், இது தச்சுப் பாதை. மூன்றாவது இடிப்பு, வயரிங், அடுப்படி: அதுவும் 16, இது அடுப்படிப் பாதை. நீளமானது 18 என்பதால் டைல்ஸ் பாதைதான் கிரிட்டிக்கல்.

திட்டம் தள்ளிப்போகாமல் ஒரு வேலை எத்தனை நாள் தாமதிக்கலாம் என்பதுதான் அதன் மொத்த ஃப்ளோட். இதில் பலர் குழம்புவது தச்சுப் பாதையில்தான். மரம் வாங்குவது 0-வது நாளில் தொடங்கி 3-இல் முடியும். தச்சு 3-இல் தொடங்கி 13-இல் முடியும். பொருத்துதல் 15-இல்தான் தொடங்குகிறது, ஏனென்றால் டைல்ஸ் முடிவதே அப்போதுதான். ஆக மரத்துக்கு மொத்த ஃப்ளோட் 2, தச்சுக்கும் மொத்த ஃப்ளோட் 2. இதைப் பார்த்து "மரம் இரண்டு நாள் தாமதிக்கலாம், தச்சும் இரண்டு நாள் தாமதிக்கலாம்" என்று எழுதினால் தவறு. இரண்டும் ஒரே இரண்டு நாள். ஒரே பாதையில் வரும் வேலைகள் அதைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. மரம் வாங்கப் போனவர் இரண்டு நாள் கழித்து வந்தால் தச்சருக்கு ஒரு நாளும் மிஞ்சாது. ஃப்ரீ ஃப்ளோட் இதைத்தான் பிரித்துக் காட்டுகிறது: மரத்துக்கு அது 0, தச்சுக்கு 2. அடுத்த வேலையைத் தொடாமல் எவ்வளவு தாமதிக்கலாம் என்பதுதான் ஃப்ரீ ஃப்ளோட். மரம் ஒரு நாள் தாமதித்தாலும் தச்சர் காத்திருக்க வேண்டும். தச்சர் இரண்டு நாள் தாமதித்தால் யாருக்கும் தெரியாது.

சரி, கிராஷுக்கு வருவோம். பாடப்புத்தகத்தில் இது கடைசிப் பகுதியாக வருவதால் ஏதோ பின்னிணைப்பு போலத் தோன்றும். உண்மையில் 1957-இல் டூபான்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து சி.பி.எம்.-ஐ உருவாக்கியபோது அவர்கள் கையில் இருந்த கேள்வியே இதுதான்: நாளைக் குறைக்க எந்த வேலையில் பணம் போட்டால் மொத்தச் செலவு மிகக் குறைவாக இருக்கும்? ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக வந்த பெர்ட் முறைக்கு இந்தக் கவலை இல்லை. அதன் கவலை காலத்தின் நிச்சயமின்மை. இரண்டுக்கும் வேறுபாடு கேட்டால் இந்த இடத்திலிருந்து தொடங்கி எழுதலாம்.

கிரிட்டிக்கல் பாதையில் மிக மலிவு டைல்ஸ், நாளுக்கு 1,000. மூன்று நாள் குறைக்கலாம் என்று அட்டவணை சொல்கிறது. நான் தேர்வில் செய்தது அதைத்தான்: அப்படியே மூன்று நாள் குறைத்து, திட்டம் 15 நாள் என்று எழுதினேன். ஆனால் மற்ற இரண்டு பாதைகளும் 16-இலேயே நிற்கின்றன. மூன்றாவது நாளுக்குக் கொடுத்த ஆயிரம் ரூபாய் தண்டம். ஒரு வேலையை எத்தனை நாள் குறைக்கலாம் என்பதை அதன் கிராஷ் எல்லை மட்டும் தீர்மானிப்பதில்லை. மற்ற பாதைகளில் இருக்கும் ஃப்ளோட்டும் தீர்மானிக்கிறது. இரண்டில் எது சிறியதோ அவ்வளவுதான். இங்கே எல்லை 3, ஃப்ளோட் 2. ஆகவே டைல்ஸில் 2 நாள், செலவு 2,000. திட்டம் 16 நாள்.

இப்போது மூன்று பாதைகளும் கிரிட்டிக்கல். அடுத்த மலிவான வேலை எது என்று தேடுவதை இங்கே நிறுத்த வேண்டும். வயரிங்கை மட்டும் குறைத்தால் டைல்ஸ் பாதையும் அடுப்படிப் பாதையும் குறையும், தச்சுப் பாதை 16-இலேயே இருக்கும். மூன்றும் ஒரே சமயத்தில் ஒரு நாள் குறைகிற மாதிரியான கூட்டணி வேண்டும். வயரிங்கும் தச்சும் சேர்ந்தால் 3,500. இடிப்பும் தச்சும் 4,500. பொருத்துதலும் அடுப்படியும் 6,500. மலிவு வயரிங்–தச்சு. இரண்டு வேலையிலும் எல்லை 2 நாள். எனவே 2 நாள் குறைக்கிறோம், செலவு 7,000. திட்டம் 14 நாள். வயரிங் 4-க்கும் தச்சு 8-க்கும் வந்துவிட்டதால் இனி அவற்றைத் தொட முடியாது.

14-இலிருந்து இறங்க வேண்டுமானால் தச்சுப் பாதையில் மிச்சம் இருப்பது பொருத்துதல் மட்டும், 3,000. அடுப்படிப் பாதையைக் குறைக்க இடிப்பு 3,000 அல்லது அடுப்படி 3,500. மலிவான கூட்டணி 6,000. ஒரு நாளில் மிச்சமாவது 5,500-தான். அதனால் 14 நாளோடு நிறுத்துவது நல்லது என்று விடை எழுதுவோம். பெரும்பாலான விடைத்தாள்களில் இதற்கே முழு மதிப்பெண் கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன். ஆனால் விடை தவறு.

இடிப்பும் பொருத்துதலும் எந்தப் பாதைகளில் இருக்கின்றன என்று பாருங்கள். டைல்ஸ் பாதையில் இரண்டுமே இருக்கின்றன. இரண்டையும் ஒரு நாள் குறைத்தால் அந்தப் பாதை 12-க்கு இறங்கும். மற்ற இரண்டும் 13-இல் நிற்கும். டைல்ஸ் பாதையில் தேவையில்லாமல் ஒரு நாள் ஃப்ளோட் உருவாகிவிட்டது. முதலில் டைல்ஸை அவசரப்படுத்த 2,000 கொடுத்தோமே, அதில் ஒரு நாளைத் திரும்பக் கொடுத்துவிடலாம். டைல்ஸ் 3 நாளிலிருந்து 4 நாளாகும், ஆயிரம் ரூபாய் திரும்பி வரும். உண்மைச் செலவு 3,000 + 3,000 − 1,000 = 5,000. இது 5,500-ஐ விடக் குறைவு. எனவே 13 நாளுக்கு இறங்கலாம்.

சரிபார்ப்போம். டைல்ஸ் பாதை 3+4+4+2 = 13. தச்சுப் பாதை 3+8+2 = 13. அடுப்படிப் பாதை 3+4+6 = 13. கிராஷ் செலவும் மறைமுகச் செலவும் சேர்ந்து 18 நாளில் 99,000, 16 நாளில் 90,000, 14 நாளில் 86,000, 13 நாளில் 85,500. டைல்ஸைத் திருப்பிக் கொடுக்காமல் 13-க்கு வந்திருந்தால் 86,500 ஆகியிருக்கும். 14 நாளே மேல் என்று தோன்றியிருக்கும். 13-க்குக் கீழே போக வழியில்லை, ஏனென்றால் தச்சுப் பாதையில் மூன்று வேலைகளும் எல்லையைத் தொட்டுவிட்டன.

தேர்வில் மூன்று நாள் குறைத்த அதே டைல்ஸ், சரியான விடையில் ஒரே ஒரு நாள்தான் குறைகிறது. வீட்டில் இதைப் போட்டுப் பார்த்த அன்று சிவப்பு மையின் மேல் இருந்த கோபம் போய்விட்டது.

விடைத்தாளில் நான் இப்போது பரிந்துரைப்பது இதுதான். எல்லாப் பாதைகளையும் இடது பக்கம் எழுதி, ஒவ்வொரு படிக்கும் ஒரு பத்தி போட்டு, எல்லாப் பாதைகளின் புதிய நீளத்தையும் நிரப்புங்கள், குறையாத பாதைகளையும்தான். எங்கள் கணக்கில் டைல்ஸ் பாதை 18, 16, 14, 13 என்று வரும். தச்சுப் பாதை 16, 16, 14, 13. ஒரு படியில் எந்தப் பாதையாவது மற்றவற்றைவிட அதிகமாகக் குறைந்திருந்தால், அங்கே ஏற்கெனவே கிராஷ் செய்த வேலை எதையாவது தளர்த்த முடியுமா என்று பாருங்கள். பாதைகள் பத்து, பன்னிரண்டு என்று போனால் இதைக் கையால் செய்வது கஷ்டம். அப்போது எக்செல் சால்வரில் லீனியர் புரோகிராமிங்காகப் போடுவதே வழி. தேர்வில் நான்கு பாதைக்கு மேல் வருவது அபூர்வம்.

இன்னொன்று வேலைக்குப் போன பிறகு கற்றது. நாளுக்கு 1,000 என்ற கணக்கு, முதல் நாளைக் குறைப்பதும் மூன்றாவது நாளைக் குறைப்பதும் ஒரே செலவு என்று வைத்துக்கொள்கிறது. களத்தில் அப்படி இருக்காது. ஆள் கூட்டினால் டைல்ஸ் ஒட்டுவது வேகமாகும்; அதன் கீழே போட்ட சிமென்ட் காய்வது வேகமாகாது. அப்புறம், நெட்வொர்க்கில் வயரிங்குக்கும் தச்சுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல இருக்கும், ஆனால் இரண்டையும் பார்த்துக்கொள்கிற மேற்பார்வையாளர் ஒருவராக இருந்தால் இரண்டையும் ஒரே வாரத்தில் அவசரப்படுத்த முடியாது. கேள்வியின் கடைசியில் "இம்முறையின் வரம்புகளை எழுதுக" என்று 4 மதிப்பெண்ணுக்குக் கேட்டால் இந்த இரண்டையும் எழுதுங்கள்.