வேலை டேக் ஆபீஸ் ஆன கதை

மார்ச் 3, ராத்திரி

அப்சிடியன் ஆப்ல நான் வச்சிருக்கற நோட்ஸ் ஃபோல்டர்ல #வேலை-ன்னு ஒரு டேக். ஆரம்பத்துல ஆபீஸ் விஷயத்துக்குத்தான் வச்சேன், போகப்போக கொழாய் ரிப்பேரு, கேஸ் புக்கிங் எல்லாம் அதுக்குள்ள வந்து குந்திக்கிச்சு. வீட்டு சமாச்சாரத்தை ஏற்கனவே கையால பிரிச்சாச்சு, மிச்சம் இருக்கறதை #ஆபீஸ்-னு மாத்தணும், அவ்ளோதான். எல்லாம் வெறும் .md ஃபைல், ஒரு குட்டி பைத்தான் ஸ்கிரிப்ட் போதும்னு நெனச்சேன். முதல்ல git commit போட்டுட்டேன், அந்த ஒரு புத்திசாலித்தனம் இருந்துச்சு.

```
#வேலை\b
```

ஓட்டிட்டு diff பாத்தா #வேலை ஒண்ணுகூட மாறல, ஆனா #வேலைவாய்ப்பு மட்டும் #ஆபீஸ்வாய்ப்பு ஆயிருக்கு! விட்டுட வேண்டியதை மட்டும் பிடிச்சு மாத்தியிருக்கு.

மார்ச் 4

காலைல பஸ்ல யோசிச்சப்போ புரிஞ்சுது. பைத்தானோட re-க்கு ல ஒரு எழுத்து, ஆனா ஐகாரக் குறி எழுத்தே இல்ல, கமா மாதிரி ஏதோ ஒரு குறி. \b-ன்னா எழுத்தும் எழுத்தில்லாததும் சந்திக்கிற எடம். வேலை-க்கு அப்புறம் ஸ்பேஸ் வந்தா ரெண்டு பக்கமும் எழுத்தில்ல, அதனால \b கிடையாது, வேலைவாய்ப்புல அடுத்து 'வா' வர்றதால அங்க \b இருக்கு. புள்ளில முடியற வார்த்தைக்கும் இதே கதிதான். அதனால \b-யை தூக்கிட்டு, பின்னாடி தமிழ் பிளாக்ல எதுவும் வரக்கூடாதுன்னு நானே சொல்லிட்டேன்:

```
(?<!\S)#வேலை(?![-\w\u0B80-\u0BFF])
```

முன்னாடி இருக்கற (?<!\S) எதுக்குன்னா, [[திங்கள்#வேலை]]-ன்னு லிங்க் நிறைய வச்சிருக்கேன், அதுல # டேக் இல்ல, திங்கள் நோட்ல இருக்கற '## வேலை' தலைப்பு. அதை மாத்தினா தலைப்பு பழைய பேர்ல, லிங்க் புதுப் பேர்ல, ரெண்டும் சேராது. #வேலை/மீட்டிங் மாதிரி உள்டேக் மட்டும் மாறணும், அதான் சாய்வுகோட்டை தடுக்கல. git checkout பண்ணி திரும்ப ஓட்டினேன், இந்த தடவை சரி. நோட்டோட தலைல இருக்கற tags: பகுதில # இல்லாம 'வேலை'ன்னு மட்டும் இருக்கறது இதுல சிக்காது, பதினோரு ஃபைல்தான், கையாலயே மாத்திட்டேன்.

மார்ச் 6

டேக் பேர்லயே வேலை.md-ன்னு ஒரு தொகுப்புப் பக்கமும் இருக்கே, அதையும் ஆபீஸ்.md ஆக்கினேன். அப்சிடியனுக்குள்ளயே பேர் மாத்தியிருந்தா லிங்க்கையும் அதுவே மாத்தியிருக்கும், நான் டெர்மினல்ல mv போட்ட ஆளு, அனுபவிக்கணும்.

```
\[\[வேலை(?=[\]|#])
```

வெறும் லிங்க், | போட்டு வேற பேர் காட்டற லிங்க், தலைப்புக்குப் போற லிங்க், ![[ ]] போட்டு உள்ள ஒட்டினது எல்லாம் இதுல வந்துடுச்சு. சாயங்காலம் பாத்தா காலி வேலை.md ஒண்ணு முளைச்சிருக்கு. ஏதோ பழைய லிங்க்கை அமுக்கியிருக்கேன், இல்லாத பக்கம்னா அப்சிடியன் புதுசா உருவாக்கிடும்ல. தேடினா ஒரு டேபிளுக்குள்ள [[வேலை\|பாக்கி]], அங்க | டேபிள் கோடா ஆயிடக்கூடாதுன்னு முன்னாடி \ போட்டிருக்கு, என் பேட்டர்ன்ல அது இல்ல. பேட்டர்னோட கடைசி [ ]-க்குள்ள \\ ஒண்ணு சேர்த்து ஓட்டினதுல ஏழு லிங்க் மாறுச்சு. காலி ஃபைலை அழிச்சுட்டு `grep -rF '[[வேலை' .` அடிச்சேன், [[வேலைவாய்ப்பு]] மட்டும்தான் வந்துச்சு. commit போட்டாச்சு.