நேராக ஓடும் கால்வாயிலும் கர்ல் உண்டு

பொறியியல் முதலாண்டில் வெக்டர் கால்குலஸ் ஸ்லைடுகளில் எல்லாரும் போடுவது ஒரே படங்கள்தான். நடுவிலிருந்து அம்புகள் வெளியே பாய்ந்தால் டைவர்ஜென்ஸ், வட்டமாகச் சுற்றினால் கர்ல். இந்த இரண்டையும் மட்டும் காட்டிவிட்டு நிறுத்தினால், "அம்பு வளைந்தால் கர்ல், விரிந்தால் டைவர்ஜென்ஸ்" என்று மாணவர் மனதில் பதிந்துவிடும். பிறகு சூத்திரம் வேறு விடை சொல்லும்போது சூத்திரத்தின் மேல்தான் சந்தேகம் வருகிறது. திருநெல்வேலிப் பிள்ளைகளுக்குக் கால்வாயும் மதகும் கண்ணில் பழகியவை என்பதால், நான் முதலில் காட்டுவது சுழலை அல்ல, நேராக ஓடும் பாளையங்கால்வாயை.

கரைப்பக்கம் தண்ணீர் மெதுவாகவும் நடுவில் வேகமாகவும் போகும். கணக்குக்காக 4 மீட்டர் அகலமும், நடுவில் நொடிக்கு 0.8 மீட்டர் வேகமும் வைத்துக்கொள்வோம். x ஓட்டத்தின் திசை, y நடுக்கோட்டிலிருந்து இடதுகரை நோக்கிய தூரம். வேகம் 0.8(1 − y²/4) என்று எடுத்தால் கரையில் பூச்சியம், நடுவில் 0.8. எல்லா அம்பும் ஒரே திசையில்தான். "சார், தண்ணி நேராத்தான போவுது, இதுல எங்க சுத்து?" என்ற கேள்வி இங்கே கட்டாயம் வரும். வரட்டும்.

ஒரு தக்கையில் இரண்டு குச்சிகளைக் குறுக்காகச் செருகி, நடுவுக்கும் இடதுகரைக்கும் சரிபாதியில் (y = 1) மிதக்கவிட்டதாகப் படம் போடுங்கள். நடுப்பக்கம் நீட்டிய குச்சியை வேகமான நீர் தள்ளும், கரைப்பக்கக் குச்சி பின்தங்கும். தக்கை போய்க்கொண்டே இடஞ்சுழியாகத் திரும்பும். கர்ல் இங்கே −∂vx/∂y, அதாவது 0.4y; y = 1-இல் 0.4. தக்கையின் சுழற்சி வேகம் கர்லில் பாதி என்பதால் நொடிக்கு 0.2 ரேடியன், ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 31 நொடி. வலதுகரைப் பக்கம் குறி மாறி வலஞ்சுழியாகும். நடுக்கோட்டில் வேகம் உச்சம், ஆனால் கர்ல் பூச்சியம். கர்லைத் தருவது வேகம் அல்ல, பக்கத்துக்குப் பக்கம் உள்ள வேக வேறுபாடு என்பதை இந்த ஒரு புள்ளி காட்டிவிடுகிறது.

அடுத்து மதகின் முன் சுழலும் நீர். மையத்திலிருந்து தூரம் r என்றால், உள்ளே இழுக்கும் சிறு வேகத்தை விட்டுவிட்டு, சுற்றும் வேகத்தை k/r என்று எடுக்கலாம். 20 சென்டிமீட்டரில் நொடிக்கு 0.5 மீட்டர் என்றால் 40 சென்டிமீட்டரில் 0.25. இந்த இரு வட்டங்களுக்கும் நடுவே இரண்டு வில்லும் இரண்டு ஆரக்கோடுமாக ஒரு துண்டு வெட்டி, அதன் விளிம்பைச் சுற்றி வரவேண்டும். வெளிவில் இரண்டு மடங்கு நீளம், வேகம் பாதி. உள்வில்லில் எதிர்த்திசையில் வருகிறோம். இரண்டும் கழிந்துவிடும். ஆரக்கோடுகளில் ஓட்டம் செங்குத்து என்பதால் அங்கே ஒன்றும் சேராது. ஆக கர்ல் பூச்சியம். தக்கை மையத்தைச் சுற்றி வரும், குச்சிகளோ பார்த்த திசையையே பார்த்திருக்கும். மையத்தில் மட்டும் இது செல்லாது: அங்கே k/r-க்கு மதிப்பே இல்லை. உண்மை நீரில் அந்தச் சிறு உட்பகுதி சக்கரம் போல மொத்தமாகச் சுழல்கிறது, கர்ல் முழுவதும் அங்கேதான் குவிந்திருக்கிறது.

டைவர்ஜென்ஸுக்கு, ஆழம் மாறாமல் குறுகும் கால்வாய். 5 மீட்டர் தூரத்தில் அகலம் 4-இலிருந்து 2 மீட்டராகிறது, வேகம் 0.5-இலிருந்து 1.0 ஆகிறது. அம்புகள் நீள்வதால் "டைவர்ஜென்ஸ் பிளஸ்" என்பார்கள். (0.5 + 0.1x, −0.1y) என்ற புலத்தை எழுதினால் முன்னோக்கி +0.1, பக்கவாட்டில் −0.1, கூட்டினால் பூச்சியம். அம்புகள் வளைந்தும் கர்லும் பூச்சியம்தான்.

படம் வரையும்போது ஒரு எச்சரிக்கை. மேட்பிளாட்லிப் ஒவ்வொரு படத்திலும் அம்பு நீளத்தைத் தானாக மாற்றிக்கொள்ளும். அதனால் இரண்டு ஸ்லைடுகளை ஒப்பிட முடியாமல் போகும். அளவை இப்படிக் கட்டிவைக்க வேண்டும்:

```python
plt.quiver(X, Y, U, V, angles='xy',
           scale_units='xy', scale=1)
```

எல்லா அம்பையும் ஒரே நீளமாக்கும் அழகுவேலை வேண்டவே வேண்டாம். மேலே பார்த்த கால்வாயை அப்படி வரைந்தால் கர்ல் கண்ணிலிருந்தே மறைந்துவிடும்.

புகைப்படம் காட்டினால் இன்னொரு சிக்கல். சுத்தமல்லி போன்ற அணைக்கட்டுக்குக் கீழே நீர் கொப்பளிக்கும் இடத்தில், மேற்பரப்பு நுரை நாலாபக்கமும் விலகிப் போகும். அந்தத் தட்டைப் படத்தில் டைவர்ஜென்ஸ் நேர்மதிப்புதான், அப்படிச் சொன்ன மாணவர் தவறவில்லை. ஆனால் அடியிலிருந்து ஏறும் நீர் மேற்பரப்பை நெருங்க நெருங்க வேகம் குறைவதால் ∂vz/∂z எதிர்மதிப்பு. மூன்றையும் கூட்டினால்தான் பூச்சியம் வரும். அதனால் அந்த ஸ்லைடில் பக்கவாட்டு வெட்டுத்தோற்றம் ஒன்றையும் கூடவே வைக்கிறேன்.