ஆண்டு முடிவுத் தள்ளுபடி: 36,000 ரூபாயா, 63,720 ரூபாயா?

கப்பலூர் சிட்கோவில் சலவைத்தூள் தயாரிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறேன். திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர் பக்கத்து மொத்த வியாபாரிகள்தான் எங்களிடம் சரக்கு எடுப்பவர்கள். வருடம் முழுக்க வாங்கியதைக் கூட்டிப் பார்த்து, மார்ச் முடிந்ததும் தள்ளுபடி தருவது பழைய வழக்கம். அதுவரை வாய்வார்த்தையாக இருந்ததை 2024 ஏப்ரலில் கடிதமாக எழுதி, ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கினோம். 10 லட்சம் ரூபாய் முதல் 20 லட்சம் வரை மொத்தத்தில் 2 சதவீதம், 20 லட்சத்தைத் தாண்டினால் 3 சதவீதம்.

2025 ஏப்ரலில் கணக்கைத் தீர்க்க உட்கார்ந்தபோது உசிலம்பட்டிக் கடைக்காரர் தம் லெட்ஜரோடு வந்தார். "தம்பி, 21 லட்சத்து 24 ஆயிரத்துக்கு வாங்கியிருக்கிறேன். 3 சதவீதம் என்றால் 63,720 வர வேண்டும். நீங்கள் 36,000 என்கிறீர்களே?" என்றார். அவர் கூட்டியதில் பிழை இல்லை. ஆனால் லெட்ஜரில் ஏறுவது வரியோடு சேர்ந்த பில் தொகை. எங்கள் சரக்குக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. அதை நீக்கினால் சரக்கின் விலை 18 லட்சம்தான். 20 லட்சத்தை எட்டவில்லை. கடிதத்தில் "வரி நீங்கலாக, திரும்பி வந்த சரக்கு போக" என்ற வரி இருந்தது. அதைக் காட்டியதும் 3 சதவீதப் பேச்சை விட்டுவிட்டார். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் நல்ல வாடிக்கையாளர் ஒருவரை இழந்திருப்போம் என்றே நினைக்கிறேன்.

அடுத்த கேள்வி இன்னும் நியாயமானது. "சரி, 2 சதவீதமே இருக்கட்டும். நான் கொடுத்தது 21.24 லட்சம், அதற்கு 42,480 அல்லவா?" இரண்டு தொகைக்கும் உள்ள வித்தியாசம் 6,480 ரூபாய், அதாவது 36,000-க்கு உரிய 18 சதவீத வரி. அந்த வரியை அவர் எங்களுக்குக் கொடுத்தது உண்மை. ஆனால் தாம் அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் அதை உள்ளீட்டு வரியாக ஏற்கெனவே கழித்துக்கொண்டுவிட்டார். வரியும் சேர்த்து 42,480-க்குக் கிரெடிட் நோட் போட்டால், 6,480-ஐ அவர் தம் கணக்கில் திருப்ப வேண்டும்; நாங்கள் எங்கள் வரியில் அதே தொகையைக் குறைத்துக்கொள்வோம். கடைசியில் அவர் கையில் நிற்பது 36,000தான். எங்களுக்கு ஆகும் செலவும் 36,000தான். தாளில் எழுதிக் காட்டியதும் புரிந்துகொண்டார்.

இரு வழியும் ஒரே இடத்தில் முடிவதால், முழு ஜிஎஸ்டி செலுத்தும் கடைக்காரர்களுக்கு வரியில்லாத கிரெடிட் நோட்டே போதும் என்று முடிவு செய்தேன். வரியோடு போட வேண்டுமானால் 2025 ஏப்ரலில் இருந்த விதிப்படி முன்கூட்டிய ஒப்பந்தம் வேண்டியிருந்தது, தள்ளுபடி எந்தெந்த பில்களுக்கு உரியது என்று காட்ட வேண்டியிருந்தது, எதிர்த்தரப்பு உள்ளீட்டு வரியைத் திருப்பவும் வேண்டியிருந்தது. அவர் திருப்பாமல் விட்டால் துறையின் கேள்வி நம்மிடம் வரும். 6,480 ரூபாய்க்காக அடுத்தவர் கணக்கைக் காவல் காக்க வேண்டியதில்லை.

இதில் ஒரு ஆபத்து உண்டு. கணக்கு மென்பொருளில் இந்தக் கிரெடிட் நோட்டை விற்பனைக் கணக்கில் எழுதினால், அது தானாகவே 18 சதவீத வரியையும் கழித்து, விற்பனை விவரம் காட்டும் ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1-இல் ஏற்றிவிடும். அதனால் தள்ளுபடிக்கென்று ஜிஎஸ்டி பொருந்தாத தனிக் கணக்கு திறந்தேன். தாக்கல் செய்யும் முன் ஜிஎஸ்டிஆர்-1-இன் கிரெடிட் நோட் பட்டியலை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். திரும்பி வந்த சரக்குக்கான குறிப்புகளும் வரியோடு போட்ட குறிப்புகளும் மட்டுமே அங்கு இருக்க வேண்டும். வரியில்லாத தள்ளுபடிக் குறிப்பு ஒன்று தென்பட்டாலும் எங்கோ தவறான கணக்கைத் தொட்டிருக்கிறோம்.

தேதியிலும் கவனம் வேண்டும். கிரெடிட் நோட் ஏப்ரல் தேதியில்தான் போக முடியும், ஏனென்றால் திரும்பும் சரக்கெல்லாம் வந்த பிறகே மொத்தம் உறுதியாகிறது. செலவோ முந்தைய ஆண்டின் விற்பனைக்கு உரியது. ஆகவே மார்ச் 31-இல் மதிப்பிட்ட தொகையை ஒதுக்கீடாக எழுதிவைத்து, ஏப்ரலில் அதிலிருந்து கழித்தேன். மார்ச் 31-இல் பில் போட்டு ஏப்ரலில் கடைக்குப் போய்ச் சேர்ந்த சரக்கு அவர்கள் புத்தகத்தில் புதிய ஆண்டில் ஏறியிருக்கும். பில் தேதியே கணக்கு என்பதையும் கடிதத்தில் சேர்த்திருந்தோம்.

மேலூரில், விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் இணக்க வரித் திட்டத்தில் இருக்கும் ஒரு கடைக்கு மட்டும் வரியோடு கிரெடிட் நோட் போட்டேன். அவருக்கு உள்ளீட்டு வரி எடுக்கும் உரிமை இல்லை. அவர் கொடுத்த 18 சதவீதம் முழுக்க அவருடைய கைக்காசு. வரியில்லாமல் போட்டால் அந்தப் பங்கு அவருக்குத் திரும்பவே திரும்பாது. பில் எண்களின் பட்டியலை இணைத்து, ஒரே குறிப்பாகப் போட்டு, ஏப்ரல் மாத ஜிஎஸ்டிஆர்-1-இல் காட்டினேன். 2024-25 விற்பனைக்கு 2025 நவம்பர் 30 வரை அவகாசம் இருந்தது. ஆனால் ஆண்டு ரிட்டர்னை அதற்கு முன்பே தாக்கல் செய்துவிட்டால் அந்த அவகாசம் அத்தோடு முடிந்துவிடும், அதனால் காத்திருக்கவில்லை.